மறு ஆர்டர் பட்டியல்: சிவப்பு வரியை மட்டும் பார்க்காதீர்கள்

குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போன பொருட்களைச் சிவப்பில் காட்டும் ஸ்டாக் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஆர்டர் போடும்போது, இருப்பைக் குறைந்தபட்ச அளவோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு நாள் விற்பனையைச் சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கி, குறைந்தபட்ச அளவைக் கூட்டுங்கள். இருப்பு அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் இன்றே ஆர்டர். ஒரு நாள் விற்பனை அந்தப் படத்தில் இருக்காது. போன மாத விற்பனையை 30-ஆல் வகுத்தால் போதும்.

ஒரு ஹார்டுவேர் கடையில் பிவிசி எல்போ 50 இருக்கிறது, குறைந்தபட்சம் 20, வர 7 நாள், தினம் 8 போகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 × 7 + 20 = 76. இருப்பு 20-க்கு மேல் இருப்பதால் திரையில் சிவப்பே தெரியாது. ஆனால் ஏழாம் நாளுக்குள் தட்டு காலி. பைப் ஒட்டும் சொல்யூஷன் 9 டப்பா, குறைந்தபட்சம் 10 என்று சிவப்பில் நின்றாலும், தினம் 2 போய் மறுநாளே சரக்கு வருமானால், அதற்கும் ஆர்டர் போட வேண்டும், ஆனால் எல்போ அளவுக்கு அவசரமில்லை. பட்டியலில் எல்போதான் முதலில்.

எக்செலில் இருப்பு B, குறைந்தபட்சம் C, நாட்கள் D, தினவிற்பனை E என்றால்:

```
=D2*E2+C2-B2
```

பூஜ்யமோ அதற்கு மேலோ வந்தால் ஆர்டர்.

குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தபோதே டெலிவரி நாட்களைச் சேர்த்திருந்தால் இது பொருந்தாது, சரக்கு தேங்கும். தீபாவளி போன்ற சீசன் பொருட்களுக்கும் போன மாதச் சராசரி உதவாது. ஏற்கெனவே ஆர்டர் போட்டு வழியில் இருக்கும் சரக்கை இருப்போடு கூட்டிக்கொள்ளுங்கள்.