ஒரே நாளில் இரண்டு இண்டர்வியூ: எதை நகர்த்துவது, எப்படிக் கேட்பது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருந்து வேலை தேடுகிறவர்களுக்கு இண்டர்வியூ பெரும்பாலும் உள்ளூரில் அமைவதில்லை. திருச்சி, மதுரை, இல்லையென்றால் சென்னை. அதனால் ஒரே நாளில் இரண்டு அழைப்பு வந்துவிட்டால், நடுவில் மூன்று மணி நேரம் இருந்தாலும் அதை இடைவெளியாகக் கணக்கில் எடுக்க முடியாது. பாதி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தேவகோட்டையில் பி.காம். முடித்த ஒரு பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மெயில் வருகிறது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்குப் பிரிவுக்கு, வரும் புதன்கிழமை காலை 10.30-க்கு நேரில் வர வேண்டும். மூன்று பேர் கொண்ட குழு கேள்வி கேட்கும். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அதே புதன்கிழமை 11.30-க்கு வீடியோவில் முதல் சுற்று, எச்.ஆர். ஒருவர் மட்டும் அரை மணி நேரம் பேசுவார்.

"திருச்சியில் முடித்துவிட்டு அங்கேயே வராந்தாவில் உட்கார்ந்து போனில் பேசிவிடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். குழு இண்டர்வியூ சொன்ன நேரத்தில் தொடங்குவது அபூர்வம். 11.30-க்கு உங்கள் பெயரையே கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

படி 1: எது நகரும் என்று பாருங்கள்

பலர் முதலில் "எனக்கு எந்த வேலை பிடித்திருக்கிறது" என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எதை நகர்த்தினால் அவர்களுக்குச் சிரமம் குறைவு என்பது. மூன்று பேரின் நேரத்தை ஒன்றுசேர்த்து, இன்னும் பத்துப் பேரை வரச் சொல்லியிருக்கும் இண்டர்வியூவில் உங்கள் ஒருவருக்காக நாள் மாறாது. ஒரே ஆள் வீடியோவில் பேசும் முதல் சுற்று அப்படியில்லை. அவருடைய காலண்டரில் ஒரு கட்டத்தை அடுத்த நாளுக்கு இழுத்துவிட்டால் போதும். பிடித்த வேலை சென்னை வேலையாகவே இருந்தாலும், நகர்த்தக் கேட்க வேண்டியது அதைத்தான். நகர்த்துவதால் அந்த வேலை கைவிட்டுப் போவதில்லை.

டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பு, வங்கித் தேர்வு நேர்காணல் போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அழைப்புக் கடிதத்தில் இருக்கும் நாள்தான் நாள். மற்றதைத்தான் மாற்ற வேண்டும்.

படி 2: நகராததற்கு முதலில் ஒப்புதல் அனுப்புங்கள்

திருச்சிக்கு அன்று மாலையே "புதன்கிழமை 10.30-க்கு வருகிறேன்" என்று பதில் போட்டுவிடுங்கள். இப்போது சென்னைக்காரர்களிடம் "அன்றைக்கு ஏற்கெனவே ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னால் அது பொய்யில்லை.

இதற்கிடையில் சென்னைக் காலண்டர் அழைப்பில் கை வைக்காதீர்கள். ஜிமெயிலில் Yes, Maybe, No என்று மூன்று பொத்தான் இருக்கும். No அழுத்தினால், நீங்கள் வரவில்லை என்ற தகவல்தான் அவருக்கு முதலில் போய்ச் சேரும். காரணம் பிறகுதான் வரும். புது நேரம் உறுதியாகும்வரை பழைய நேரத்தை விட்டுக்கொடுக்கவும் கூடாது.

படி 3: கொடுக்கப்போகும் நேரத்தை வீட்டில் பேசி முடியுங்கள்

ஒரு தடவை நேரம் மாற்றக் கேட்பதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. இரண்டாவது தடவை கேட்டால்தான் பெயர் கெடும். ஆகவே கொடுக்கும் நேரம் உங்களால் நிச்சயம் முடிகிற நேரமாக இருக்க வேண்டும்.

வீடியோ என்பதால் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பாருங்கள், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனால் வைஃபையும் இல்லை. அடுத்தது ராகு காலம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அப்பத்தாவுக்கு இருக்கும். வியாழன் 1.30 முதல் 3, வெள்ளி 10.30 முதல் 12. எச்.ஆர். ஒப்புக்கொண்ட பிறகு வீட்டில் முகம் சுளிப்பதைவிட, இப்போதே அந்த நேரங்களைத் தள்ளிவைத்துவிடுவது நல்லது. நம் உதாரணத்தில் மிஞ்சுவது வியாழன் காலை 10 முதல் 1 வரை, வெள்ளி மதியம் 2-க்கு மேல். "உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது" என்று மட்டும் எழுதாதீர்கள். பணிவாகத் தெரிந்தாலும், நேரம் தேடும் வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

படி 4: போன், பிறகு மெயில்

யார் அழைப்பை அனுப்பினாரோ அவரிடமே பேச வேண்டும். கன்சல்டன்சி மூலம் வந்ததென்றால் கன்சல்டன்சிக்காரரிடம், கல்லூரி வழியாக வந்ததென்றால் பிளேஸ்மென்ட் அதிகாரியிடம். அவர்களைத் தாண்டிக் கம்பெனிக்கு நேராகப் போன் போட்டால், உங்களுக்காகப் பரிந்து பேசவேண்டியவரே முறைத்துக்கொள்வார்.

"வணக்கம் மேடம், தேவகோட்டையிலிருந்து பேசுகிறேன். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் புதன்கிழமை 11.30-க்கு என்னோடு வீடியோவில் பேசுவதாக இருக்கிறீர்கள். அன்றைக்கு வேறொன்றை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டேன், மாற்ற முடியவில்லை. வியாழன் காலை 10 முதல் 1 வரை, இல்லையென்றால் வெள்ளி மதியம் 2-க்கு மேல், இரண்டில் ஒன்று உங்களுக்குத் தோதுப்படுமா?"

இவ்வளவு போதும். பாட்டி தவறிவிட்டார், காய்ச்சல் என்றெல்லாம் கிளம்பாதீர்கள். நம் ஊர்க்காரர் இல்லாத ஆபீஸ் கிடையாது. அந்தக் கம்பெனியில் யாரோ ஒருவரின் மச்சான் உங்கள் தெருவில் இருப்பார். "வேறு இண்டர்வியூவா?" என்று அவரே கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடலாம், கம்பெனி பெயர் வேண்டாம். வேலை தேடுகிறவர் நாலு இடத்தில் முயல்வார் என்பது எச்.ஆருக்குத் தெரியும்.

போனில் சம்மதித்தாலும், எடுக்கவில்லை என்றாலும், உடனே அதே மெயிலுக்கு Reply கொடுத்து இதே செய்தியை நாலு வரியில் எழுதுங்கள். புது மெயிலாக அனுப்பினால் எந்த வேலை, எந்த விண்ணப்பம் என்று அவர் தேட வேண்டியிருக்கும். மெயில் ஆங்கிலத்தில் என்றாலும் வரிசை இதுதான்: எந்த வேலை, எந்த நேரம், முடியாத காரணம் ஒரு வரி, மாற்று நேரம் இரண்டு.

படி 5: பதில் வராவிட்டால்

வெள்ளி மாலை அனுப்பிய மெயில் சனி, ஞாயிறில் அப்படியே கிடக்கும். பதற வேண்டாம். திங்கள் காலை 11 மணிவாக்கில் ஒரு போன். "பார்த்துச் சொல்கிறேன்" என்றால் அது சம்மதமில்லை. பழைய நேரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. செவ்வாய் காலை இன்னொரு முறை கேளுங்கள்.

முடியாது என்றே சொன்னால், "புதன்கிழமையே மாலை 5-க்கு மேல் முடியுமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து திரும்ப இரண்டரை மணி நேரம் வைத்தாலும் அதற்குள் வீடு சேர வாய்ப்புண்டு. அதுவும் இல்லையென்றால்தான் எந்த வேலை வேண்டும் என்ற கேள்விக்கு வர வேண்டும். எதை விடுகிறீர்களோ அங்கே செவ்வாய் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அடுத்த முறை அந்தக் கம்பெனியில் விண்ணப்பிக்கும்போது பழைய குறிப்பு எட்டிப் பார்க்கும்.

வியாழன் 11-க்கு என்று உறுதியாகிவிட்டால், புது அழைப்பில் Yes அழுத்திவிட்டு மீட்டிங் லிங்க்கைச் சரிபாருங்கள். சில கம்பெனிகளில் நேரம் மாறினால் லிங்க்கும் மாறும். பழையதைத் திறந்து வைத்துக்கொண்டு ஆளில்லாத அறையில் காத்திருந்தவர்கள் உண்டு.