அம்மாவுக்கு மலச்சிக்கலா? முதலில் மாத்திரை டப்பாவைத் திறங்கள்

தஞ்சாவூரிலிருந்து டெல்லி ஆர்.கே.புரத்துக்கு என் அம்மா வந்தது ஒரு டிசம்பரில். அவருக்கு வயது 74. இரண்டே வாரத்தில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போனார், அதுவும் முக்கி முக்கி. நான் உடனே இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடியை வாங்கிக் கொடுத்தேன். வயிறு இன்னும் உப்பியது. வரிசையை மாற்றிச் செய்திருக்க வேண்டும்.

படி 1: மாத்திரைகளைப் பரப்புங்கள்

சாப்பிடும் எல்லாவற்றையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றும் எப்போது ஆரம்பித்தது என்று எழுதுங்கள். அம்மாவிடம் மூட்டுவலிக்கு டிரமடால், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, கூடவே கால்சியம் இருந்தன. மூன்றுமே மலத்தை இறுக்கக்கூடியவை. கோடீன் கலந்த இருமல் மருந்து, சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் அப்படித்தான். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பட்டியலோடு டாக்டரிடம் போங்கள். அம்மாவுக்கு டிரமடாலுக்குப் பதில் பாராசிட்டமால் எழுதினார்.

படி 2: நார்ச்சத்துக்கு முன் தண்ணீர்

டெல்லிக் குளிரில் வயதானவர்களுக்குத் தாகமே எடுக்காது. ராத்திரி எழுந்து பாத்ரூம் போகப் பயந்தும் குடிக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாத இசப்கோல் குடலுக்குள் களியாக அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் வாரம் வெந்நீர், ரசம், மோர் என்று பகலிலேயே பிரித்துக் கொடுத்தேன். இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

அப்புறம்தான் கொய்யா, கீரை, கூடவே ஒரு டீஸ்பூன் இசப்கோல். முழு டம்ளர் தண்ணீரில் கலந்தவுடன் குடித்துவிட வேண்டும், படுக்கப் போகும்போது வேண்டாம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குக் கொடுக்கவே கூடாது.

படி 3: நேரமும் காலும்

காலை உணவு முடிந்து அரைமணிக்குள் குடல் தானாக அசையும். அப்போது உட்காரச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டால் முக்கல் குறையும்.

படி 4: பேதி மாதிரி தெரிந்தால்

பல நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து அதை நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். கெட்டியான மலம் அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் மட்டும் வழியலாம். டாக்டர் ஆசனவாயில் விரல்விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

படி 5: எப்போது காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்

அம்மாவுக்குச் சிக்கல் சரியானது. ஆனால் டாக்டர் அதோடு விடவில்லை, "இந்த வயசுல இரும்புச்சத்து ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டார். குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதோ என்று ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்ததில் பெருங்குடலில் பாலிப் என்ற ஒரு சதை வளர்ச்சி இருந்தது, எடுத்துவிட்டார்கள். மலம் கறுப்பாக இருந்ததை இரும்பு மாத்திரையால்தான் என்று நான் தள்ளிவிட்டிருந்தேன். அந்த மாத்திரை கறுப்பாக்கும்தான், ஆனாலும் தார் மாதிரிப் பிசுபிசுவென்று இருந்து நாறினால் அது ரத்தமாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, பழக்கம் மாறிச் சில வாரமாகியும் திரும்பாதது, இவற்றுக்கும் மூலம் என்று சொல்லிக்கொண்டு காத்திருக்காதீர்கள். வயிறு உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தியும் வந்தால் மலமிளக்கி எதுவும் கொடுக்காமல் உடனே எமர்ஜென்சிக்கு அழைத்துப் போங்கள்.