பாதி வந்த விலைப்பட்டியல்

ஒரு நாள் காலையில் பார்த்தால் எங்கள் ஆன்லைன் கடையில் பாதிப் பொருட்களைக் காணவில்லை. சப்ளையர் எஸ்எஃப்டிபி வழியாக அனுப்பும் விலைப்பட்டியலை இரவு 2 மணிக்கு என் ஸ்கிரிப்ட் எடுக்கும். பட்டியலில் இல்லாத பொருளை மறைத்துவிடும். கோப்பைத் திறந்தேன். கடைசி வரி விலைக்கு நடுவிலேயே அறுந்திருந்தது: 1249.50 வெறும் 12 ஆகிவிட்டது. அப்லோட் முடியும் முன்பே எடுத்திருக்கிறோம். (அந்த 12க்கு யாரும் ஆர்டர் போடாதது என் அதிர்ஷ்டம்.)

இப்போது சப்ளையர் `prices.csv.part` என்ற பெயரில் ஏற்றி, முடிந்த பிறகே `prices.csv` என்று மாற்றுகிறார். கடைசி வரியில் மொத்த வரி எண்ணிக்கையும் வரும். அது பொருந்தாவிட்டால் கோப்பையே ஒதுக்கிவிடுவேன். ஒரு விலை 30 சதவீதத்துக்கு மேல் மாறினால் பழையதே நிற்கும், எனக்கு மெயில் வரும். சப்ளையர் உண்மையிலேயே எல்லா விலையையும் அந்த அளவுக்கு உயர்த்தும் நாளில் மெயில் குவியும். அன்றைக்கு நானே பார்த்து ஓகே சொல்கிறேன்.