வாடகை வீடு கைமாறினால்

காரைக்குடியில் நீங்கள் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார் என்பதாலேயே உங்கள் வாடகை ஒப்பந்தம் முறிந்துவிடாது. சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 109-ஆம் பிரிவுப்படி, வாங்கியவர் பழையவரின் இடத்துக்கு வருகிறார்.

கிரயம் ஆனது தெரியாமல் இந்த மாத வாடகை 8,000 ரூபாயைப் பழையவரிடமே கொடுத்துவிட்டீர்களா? புதியவர் அதை மறுபடி கேட்க முடியாது. தெரிந்த பிறகு கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே கிரயப் பத்திர நகலைக் கேட்டுப் பாருங்கள். செட்டிநாட்டுப் பழைய வீடுகளுக்குப் பங்காளிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் பங்கு மட்டும் கைமாறியிருக்கலாம்.

பெரிய வம்பு அட்வான்ஸில்தான். காலி செய்யும்போது, ‘அவரிடம் கேளுங்கள்’ என்று இருவருமே கைவிரிப்பார்கள். ‘அட்வான்ஸ் 50,000 ரூபாய் புதியவரிடம் ஒப்படைக்கப்பட்டது, திருப்பித் தருவது அவர் பொறுப்பு’ என்று எழுதி, மூவரும் கையெழுத்திட்ட கடிதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்.