வாலில் தொங்கும் ‘இல்ல’: பேட்டியை எழுத்தைப் பார்த்து வெட்டும்போது வரும் தவறுகள்

திசையன்விளைப் பக்கம் ஒரு பனையேறியிடம் எடுத்த இரண்டு மணி நேரப் பேட்டியை விஸ்பரில் போட்டு எழுத்தாக்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி வேண்டிய வரிகளைப் பொறுக்கி, பக்கத்தில் இருக்கும் நேரக்குறிப்பைப் பார்த்து வெட்ட வேண்டியதுதான். பலரும் சறுக்குவது இங்கேதான்.

அவர் சொன்னது: “சுண்ணாம்பு தடவாம நாங்க கலயம் கட்டுனதில்ல.” எழுத்தில் வந்தது: “சுண்ணாம்பு தடவாம நாங்க கலயம் கட்டுனது.” பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கத்தான் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது. தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை உண்டு. வரியின் நேரமும் ‘கட்டுனது’ என்பதோடு முடிந்திருந்தால், அங்கேயே வெட்டுவீர்கள். ஒலியிலும் ‘இல்ல’ போய்விடும். மனுஷர் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும்.

தமிழில் மறுப்பு வாக்கியத்தின் வாலில் நிற்கிறது. பேசுபவர் குரல் இறங்கி, மூச்சு விடும் இடமும் அதுவே. அதனால் எடுக்கிற ஒவ்வொரு துண்டையும் முடிவுக்குப் பின் இரண்டு நொடி சேர்த்துக் கேளுங்கள். ‘போடல’, ‘போடலாம்’ போன்ற முடிவுகளை ஹெட்போனில்தான் தீர்மானிக்க வேண்டும். கடைசி எழுத்துக்குப் பிறகு ஐந்து பிரேமாவது, அதாவது 25 பிரேம் வீடியோவில் 0.2 நொடி, விட்டு வெட்டுங்கள்.

அடுத்தது, தேடலை நம்புவது. நெல்லைப் பேச்சின் ‘சொல்லுதேன்’ என்பது ‘சொல்லு தேன்’ என்று பிரிந்து வரலாம். பதநீரைக் குறிக்கும் ‘பயினி’ என்பது ‘பணி’ ஆகலாம். ‘பதநீர்’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். அதற்காக எல்லா ‘பணி’யையும் ஒரே சொடுக்கில் ‘பயினி’ ஆக்கினால், உண்மையான பணியும் பதநீராகும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள். தொழில் சொற்களை முன்கூட்டியே கொடுத்தால் ஓரளவு பிழை குறையும்:

```
whisper petti.wav --language ta --output_format srt --initial_prompt "பயினி, பாளை, கலயம், கருப்பட்டி"
```

இந்தச் சொற்பட்டியல் முதல் முப்பது நொடிக்குத்தான் நேரடியாகப் போகும்; நீண்ட பேட்டியின் பிற்பகுதியில் அதன் பிடி தளர்ந்துவிடும். `--language ta` கொடுக்காவிட்டால் தொடக்க முப்பது நொடியை வைத்தே மொழியை முடிவு செய்யும். தொடக்கத்தில் வெறும் காற்றுச் சத்தம் இருந்தால் மொழியே மாறிப்போகலாம். நீண்ட மௌனத்தில் யாரும் பேசாத வரி முளைப்பதும், ஒரே வரி திரும்பத் திரும்ப வருவதும் உண்டு.

எண்களை மட்டும் எழுத்தில் பார்த்து எடுக்கவே வேண்டாம். ‘நாலஞ்சு கலயம்’ என்றது ‘45 கலயம்’ என்று வந்து, அப்படியே திரையில் சப்டைட்டிலாக ஏறிவிடும். பனை ஏறுகிறவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.