ரவை உப்புமா ஏன் கட்டி தட்டுகிறது?

போன வாரம் அண்ணன் மகன் வந்திருந்தான். வெளியூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பையன். "அத்தை, நீங்க உக்காருங்க, நான் உப்புமா கிண்டுறேன்" என்று அடுப்படிக்குள் போனான். இருப்புச்சட்டியில் ரவையைக் கொட்டி, தீயைப் பெரிதாக வைத்து நாலு கிளறு கிளறினான். "நிறம் மாறிடுச்சு, போதும்ல அத்தை?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. நான் ஒரு காலத்தில் சொன்ன அதே வார்த்தை.

உப்பு மறப்பது, கடுகு கருகுவது எல்லாம் இரண்டு நாளில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கட்டி தட்ட வைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நிறத்தைப் பார்த்து வறுப்பது

கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கம் வந்த புதிது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. இருபது பேருக்குக் காலை டிபன் என் பொறுப்பு. இரண்டு கிலோ ரவையையும் ஒரே சட்டியில் கொட்டி, விறகைத் தள்ளி வறுத்தேன். அடியில் இருந்தது சிவந்தது, மேலே இருந்தது பச்சையாகவே கிடந்தது. கிளறிவிட்டபோது இரண்டும் கலந்து, பார்வைக்கு எல்லாமே வறுபட்டது போல இருந்தது. கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் எலுமிச்சம்பழம் பருமனுக்குக் கட்டிகள். ஒன்றைப் பிய்த்தால் உள்ளே வெள்ளை மாவு. "என்னம்மா, உப்புமாவுக்குள்ள கொழுக்கட்டை வச்சிருக்கீங்க?" என்று நடவுக்கு வந்த ஒரு பாட்டி கேட்டார். வரப்பு முழுக்கச் சிரிப்பு. இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஏன் அப்படி ஆகிறது என்றால், பச்சை ரவையில் ஈரமும் பொடி மாவும் இருக்கும். சுடுநீர் பட்ட நொடியில் அதன் மேல்பக்கம் பசையாகி, பக்கத்துக் குருணையோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே பசைச் சுவர் எழும்பியதும் தண்ணீர் உள்ளே போக வழியில்லை. வறுக்கும்போது அந்த ஈரம் வற்றிவிடுகிறது. ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ சேர்த்து வறுத்தால் குருணை மேல் மெல்லிய பூச்சும் விழுந்து, ஒன்றோடொன்று ஒட்டாது. ஐப்பசி அடைமழையில் திறந்த டப்பாவில் கிடந்த ரவை என்றால் ஈரம் இன்னும் அதிகம். அதற்கு இரண்டு நிமிடம் கூடவே கொடுங்கள்.

ஒரு டம்ளர் ரவைக்குச் சிறுதீயில் ஆறேழு நிமிடம், கை விடாமல் கிளற வேண்டும். நிறத்தை நம்பாதீர்கள், நன்றாக வறுபட்ட ரவை கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். முதலில் கரண்டியில் கனமாக இழுபடும் ரவை, பிறகு மணல் மாதிரி சரசரவென்று ஓடும். வாசனை எழும்பும். ஒரு சிட்டிகை எடுத்தால் விரலைச் சுட வேண்டும், விட்டால் ஒட்டாமல் உதிர வேண்டும். உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே அடி சிவந்துவிடும். நிறைய வறுக்க வேண்டுமானால் இரண்டு டம்ளர் இரண்டு டம்ளராக வறுப்பதுதான் வழி. அன்று நான் அதைச் செய்திருந்தால் இரண்டு கிலோ ரவை மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்காது.

"பாக்கெட்டில் வறுத்த ரவை என்று போட்டிருக்கிறதே" என்பார்கள். அதையும் இரண்டு மூன்று நிமிடம் சட்டியில் சூடு காட்டுங்கள்.

தண்ணீரைக் கண்ணால் அளப்பது

ரவை அளந்த அதே டம்ளரால் தண்ணீரையும் அளக்க வேண்டும். உதிரியாக வேண்டும் என்றால் ஒன்றுக்கு இரண்டு. எங்கள் வீட்டில் ஒன்றுக்கு இரண்டரை. வாயில் வைத்தால் மெத்தென்று இருக்கும். பல் இல்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூன்று. இதெல்லாம் வெள்ளை ரவைக்கான கணக்கு. சம்பா ரவை இன்னும் கொஞ்சம் குடிக்கும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. தாளித்த சட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவிடுவார்கள். அதில் கால் டம்ளர் ஆவியாகிப் போய்விடும். அப்புறம் "சரியாத்தானே அளந்தேன்" என்பார்கள். தளதளவென்று கொதி வந்ததுமே ரவையைப் போட்டுவிட வேண்டும்.

ஒரே கொட்டாகக் கொட்டுவது

தீயைக் குறைத்து, இடது கையால் ரவையை மழைத் தூறலாகத் தூவி, வலது கையால் கிளறுங்கள். ரவை எல்லாம் உள்ளே போனதும் மூடி, சிறுதீயில் நான்கு நிமிடம்.

நடுவில் பச்சைத் தண்ணீர்

கூடவே கூடாது.

கட்டி தட்டிவிட்டால்

முதல் இரண்டு நிமிடத்துக்குள் என்றால் பிழைக்கலாம். கரண்டியின் முதுகால் கட்டியைச் சட்டியின் பக்கத்தில் அழுத்தி நசுக்கி, ஒரு கை கொதிநீர் தெளித்து மூடுங்கள். நசுக்கியதில் வெள்ளை மாவு தெரிகிறவரை இறக்காதீர்கள். ஆறி இறுகிய பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. மாடு சாப்பிடும்.