அம்மா எழுதிக் கொடுத்த வீடு: தான செட்டில்மென்டில் நேரும் தவறுகள்

"பத்திரம் பதிவாகிவிட்டது. அம்மாவே சார்பதிவாளர் முன்னால் கைரேகை வைத்தார். இனி யார் என்ன செய்ய முடியும்?" தான செட்டில்மென்டாக, அதாவது விலை கொடுக்காமல், சொத்தை எழுதி வாங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு வருந்தும் பெற்றோரும் இதையே நினைத்து வாயடைத்துப் போகிறார்கள். இரு தரப்பும் செய்யும் முதல் தவறு இது. வந்திருப்பவர் உரிய ஆள்தானா, பத்திரத்தில் இருப்பது தன் கையெழுத்து என்று ஒப்புக்கொள்கிறாரா என்பதைத்தான் சார்பதிவாளர் பார்க்கிறார். ஏன் எழுதிக் கொடுக்கிறீர்கள், மகளுக்குத் தெரியுமா, நாளை எங்கே இருப்பீர்கள் என்று துருவிக் கேட்பது அவர் வேலை அல்ல. அதையெல்லாம் பின்னால் சிவில் நீதிமன்றம் கேட்கும்.

ஒப்பந்தத்தை எந்தக் காரணங்களுக்காக ரத்து செய்யலாமோ, அதே காரணங்களுக்காகத் தானத்தையும் ரத்து செய்யலாம் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு. அந்தக் காரணங்களில் ஒன்றுதான் தகாத செல்வாக்கு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதை விளக்குகிறது. அடி, மிரட்டல் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒருவரைத் தன் சொல்லுக்கு ஆட்டுவிக்கும் இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தால் போதும்.

இது நடப்பில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் 76 வயது விதவைத் தாய். இரண்டு மகன்கள், ஒரு மகள். தாய்க்கு இருப்பது ஒரே ஒரு வீடும் குடும்ப ஓய்வூதியமும்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து இளைய மகன் வீட்டுக்கு வருகிறார். ஏ.டி.எம். அட்டையும் பாஸ்புத்தகமும் மகன் கையில். செல்போனை மருமகள்தான் எடுக்கிறார். ஆறாவது வாரம் பத்திர எழுத்தர் வருகிறார். அழைத்து வந்ததும் கட்டணம் கொடுத்ததும் மகன். சாட்சிகளில் ஒருவர் மகனின் மைத்துனர், இன்னொருவர் மகனின் நண்பர். அன்பினாலும் பாசத்தினாலும், யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு வீட்டையும் இளைய மகனுக்கே கொடுப்பதாகப் பத்திரம் சொல்கிறது. தாய் குடியிருக்க ஓர் அறைகூட அதில் ஒதுக்கப்படவில்லை. எட்டு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த மகளுக்குத்தான் விஷயம் தெரிகிறது.

நீதிமன்றம் இதை இரண்டு படியாகப் பார்க்கும். தாயை ஆட்டுவிக்கும் நிலையில் மகன் இருந்தாரா என்பது முதல் படி. முதுமையாலோ நோயாலோ மனத்திடம் தளர்ந்தவரிடம் எழுதி வாங்குபவரை அத்தகைய நிலையில் இருப்பவராகவே 16-ஆம் பிரிவு கருதுகிறது. தளர்ச்சி தற்காலிகமானதாக இருந்தாலும் போதும். நடமாட்டம், பணம், தொலைபேசி மூன்றும் மகன் வீட்டாரின் கையில் இருந்தது இந்தப் படிக்கு வலுச் சேர்க்கும். இரண்டாவது படி, கிடைத்த ஆதாயம் நியாயமற்றதா என்பது. ஒரே வீடு முழுவதும் போயிற்று, எழுதிக் கொடுத்தவருக்கு எதுவும் மிஞ்சவில்லை, மற்ற இருவருக்கும் எதுவும் இல்லை. இரண்டும் நிறுவப்பட்டால் சுமை திரும்புகிறது. தாய் தானாக விரும்பித்தான் கொடுத்தார் என்று மகன் நிரூபிக்க வேண்டும். "யாருடைய தூண்டுதலும் இன்றி" என்ற வரியைக் காட்டி அதை நிரூபிக்க முடியாது. தூண்டியவர் எழுதச் சொன்ன பத்திரத்திலும் அந்த வரி இருக்கத்தானே செய்யும்!

இதே குடும்பத்தில் சில விவரங்களை மாற்றிப் பாருங்கள். தாய் தன் வீட்டில் தனியாக இருக்கிறார், வங்கிக்குத் தானே போய் வருகிறார், மூன்று சொத்துகளில் ஒன்றை மட்டும் இளைய மகனுக்குக் கொடுக்கிறார். அப்போது மற்றவர்கள் வழக்குப் போட்டால் தோற்கவே வாய்ப்பு அதிகம். "வயதானவர், மகனுக்கு எழுதினார், ஆகவே செல்வாக்கு" என்ற கணக்கு செல்லாது. 1967-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. தாத்தா தன் சொத்தில் ஒரு பகுதியை ஒரே பேரனுக்குத் தானமாகக் கொடுத்த வழக்கு அது. நெருங்கிய உறவும் முதுமையும் மட்டுமே தகாத செல்வாக்கைக் காட்டிவிடாது என்று நீதிமன்றம் சொல்லி, தானம் செல்லும் என்றது.

வழக்குப் போடுபவர்கள் செய்யும் தவறுகளில் நான் மிக அதிகம் பார்ப்பது வழக்குரையில்தான் நடக்கிறது. "மிரட்டியும் ஏமாற்றியும் தகாத செல்வாக்கைப் பயன்படுத்தியும் எழுதி வாங்கிவிட்டார்" என்று மூன்றையும் ஒரே வரியில் அடைத்துவிடுகிறார்கள். சட்டத்தில் இவை மூன்றும் தனித்தனி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 6, விதி 4, தகாத செல்வாக்கைச் சொல்பவர் அதன் விவரங்களைத் தேதியோடு தர வேண்டும் என்கிறது. எந்தத் தேதியில் மருத்துவமனையிலிருந்து வந்தார், அப்போது என்ன மருந்து சாப்பிட்டார், ஓய்வூதியத்தை யார் எடுத்தார், எழுத்தரை அழைத்தது யார் என்பவைதான் வழக்கின் உயிர். கோபத்தில் எழுதிய வழக்குரையில் வசவு நிறைய இருக்கும். தேதி ஒன்றுகூட இருக்காது.

நேர்மையான பிள்ளை கவனிக்க வேண்டியது

பல வருடம் பெற்றோரைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு, நன்றியோடு மனமுவந்து எழுதிக் கொடுக்கும் பெற்றோரும் உண்டு. அதுபோன்ற நல்ல தானமும் செய்யும் முறை சரியில்லாததால் நீதிமன்றத்தில் தடுமாறுகிறது. எல்லாவற்றையும் தானே முன்னின்று செய்வதுதான் அந்தப் பிள்ளை செய்யும் தவறு. தன் வக்கீல், தன் எழுத்தர், தன் சாட்சி, தன் கார். உதவியாகச் செய்த ஒவ்வொன்றும் பின்னால் அவருக்கு எதிரான சாட்சியமாகிறது.

பெற்றோருக்குத் தனியாக ஒரு வக்கீலின் ஆலோசனை கிடைத்திருக்க வேண்டும். இதில் பேருக்கு ஒரு வக்கீல் இருந்தால் போதாது என்பதை 1928-இல், பிரிட்டிஷ் பேரரசின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்த சிங்கப்பூர் வழக்கு காட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதிய மலாய்ப் பெண், தன் காரியங்களைக் கவனித்துவந்த உறவினருக்குச் சொத்தைத் தானமாக எழுதினார். வக்கீல் பத்திரத்தை விளக்கினார். பெண்ணும் புரிந்ததாகச் சொன்னார். ஆனால் அந்தப் பெண் தன் சொத்து ஏறக்குறைய முழுவதையும் கொடுக்கிறார் என்பது வக்கீலுக்குத் தெரியாது. உயில் எழுதினால் அதே நன்மையை உறவினருக்குச் செய்துகொண்டு தன்னையும் காத்துக்கொள்ளலாம் என்பதை அவர் எடுத்துச் சொல்லவும் இல்லை. தானம் ரத்தானது.

ஆகவே அந்த வக்கீல் பெற்றோரோடு தனியாகப் பேச வேண்டும். பிள்ளை அறைக்கு வெளியே இருக்க வேண்டும். மொத்தச் சொத்து எவ்வளவு, கொடுத்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்பது வக்கீலுக்குத் தெரிய வேண்டும். பெற்றோருக்கு அறிமுகமான, பிள்ளையின் தயவில் இல்லாத இருவர் சாட்சியாக இருப்பது நல்லது. உடல்நலம் குன்றியவர் என்றால், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் அந்த வாரத்திலேயே மனநிலை பற்றிச் சான்று வாங்கி வைக்கலாம். மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுச் செய்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். சொல்லாமல் செய்வது சட்டப்படி குற்றம் அல்ல. ஆனால் ஏன் மறைத்தீர்கள் என்ற கேள்விக்குக் கூண்டில் நின்று பதில் சொல்வது கடினம்.

பெற்றோர் பத்திரத்தில் விட்டுவிடுவது

எழுதிக் கொடுப்பவர்கள் வாய்வார்த்தையை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடுகிறார்கள். 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிய பிள்ளை அதைச் செய்யாவிட்டால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ எழுதப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது. சிவில் வழக்கில் வருடக்கணக்கில் நிரூபிக்க வேண்டியதை இந்தப் பிரிவு ஊகித்தே தந்துவிடுகிறது. 60 வயது நிறைந்தவர் இதற்காகக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். ஆனால் நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. நாகப்பட்டினம் மாவட்டத்து வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் அன்பும் பாசமுமே மறைமுக நிபந்தனைதான் என்றும் சொன்னது. காற்று பெற்றோர் பக்கம் வீசுகிறது என்றாலும், அதை நம்பி நிபந்தனையை எழுதாமல் விடுவது வீண் துணிச்சல். உணவு, மருத்துவச் செலவு, குடியிருப்பு என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். ஆயுள் முழுவதும் வீட்டில் வசிக்கவும் வாடகை வாங்கவும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டும் தானம் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தாலும் அது செல்லும்.

இதற்கு எதிர்முனையிலும் ஒரு தவறு உண்டு. "எப்போது வேண்டுமானாலும் என் விருப்பப்படி ரத்து செய்வேன்" என்று எழுதிவைப்பது. கொடுப்பவரின் வெறும் விருப்பத்தால் ரத்தாகக்கூடிய தானத்தை 126-ஆம் பிரிவு செல்லாது என்கிறது. மனம் மாறும் வாய்ப்பு வேண்டும் என்பவர் எழுத வேண்டியது உயில்தான். அதை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

கடைசியாகத் தாமதம். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் சிவில் வழக்குக்கு, ரத்துக்கான காரணம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. அந்தக் கெடு முடியுமுன்பே வேறு விபரீதங்கள் நடக்கலாம். விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் நபரின் உரிமையை 126-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. மகன் வீட்டை அப்படி ஒருவருக்கு விற்றுவிட்டால் மீட்பது மிகக் கடினம். பிள்ளையின் பிடியிலிருந்து வெளிவந்த பிறகும், அந்த வீட்டின் மேல் மகன் வாங்கும் கடனுக்குத் தாய் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், தானத்தை அவரே ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும்.

கற்பனைக் குடும்பத்து மகள் முதலில் செய்ய வேண்டியது அண்ணன் தம்பியோடு சண்டை அல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, சாட்சிகள் யார், தயாரித்த எழுத்தர் யார், பதிவான தேதி எது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதே காலத்து மருத்துவமனைப் பதிவுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் திரட்டி, எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு தாயைத் தனியாகச் சந்தித்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். 23-ஆம் பிரிவின்படி பத்திரம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை எழுதிக் கொடுத்த தாய்க்குத்தான் இருக்கிறது. "அவனுக்கே இருக்கட்டும், என்னை என் வீட்டில் இருக்க விட்டால் போதும்" என்று அவர் சொல்லலாம். அப்போது பத்திரத்தை விட்டுவிட்டு, குடியிருப்புக்கும் பராமரிப்புக்கும் அதே தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்.